பொதுத்துறையா, குடும்ப கம்பெனியா, கூட்டுறவா? கம்பெனி புரொஃபைலில் உண்மையான முதலாளியைக் கண்டுபிடிப்பது எப்படி?

வீட்டில் ஒருவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்றால், சம்பளம் எவ்வளவு என்பதற்கு முன்பே வந்து விழும் கேள்வி ஒன்று உண்டு: "கவர்மென்ட்டா, பிரைவேட்டா?" பதில் தெரியாதவர் உடனே போனை எடுத்து கம்பெனியின் பெயரைத் தேடுகிறார். லிங்க்ட்இன் பக்கத்தில் 'பப்ளிக் கம்பெனி' என்று இருக்கிறது. "பப்ளிக்தான், அப்போ கவர்மென்ட் மாதிரிதான்" என்று வீடு நிம்மதி அடைகிறது. அங்கேதான் தப்பு நடக்கிறது. அந்த கம்பெனியில் முக்கால்வாசிப் பங்கு ஒரே குடும்பத்தின் கையில் இருக்கலாம்.

இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. புரொஃபைலில் 'நிறுவன வகை' என்று போட்டிருப்பது சட்டப்படி அது எந்த வடிவத்தில் பதிவாகியிருக்கிறது என்பதை. படிப்பவர் தெரிந்துகொள்ள நினைப்பதோ அதன் முதலாளி யார் என்பதை. இரண்டும் வேறு வேறு. ஆனால் வேலைக்குச் சேருகிறவருக்கும், பங்கு வாங்குகிறவருக்கும், பொருளை சப்ளை செய்கிறவருக்கும் இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஆள் எடுக்கும் முறை, தகவல் கேட்கும் உரிமை, நாளைக்கு கம்பெனி கைமாறுமா என்பது எல்லாம் அதைப் பொறுத்தவை.

'பொது' என்ற ஒரே சொல், மூன்று அர்த்தம்

குழப்பம் தொடங்குவதே இந்தச் சொல்லில்தான். 'பொதுத்துறை நிறுவனம்' என்றால் அரசின் கையில் இருப்பது. 'பப்ளிக் லிமிடெட்' என்றால் அது கம்பெனிகள் சட்டம் வைத்திருக்கும் ஒரு பதிவு வகை மட்டுமே. குறைந்தது ஏழு பங்குதாரர்கள் இருந்தால் போதும். அந்த ஏழு பேரும் அண்ணன், தம்பி, மச்சான், மருமகள் என்று ஒரே குடும்பமாக இருந்தாலும் சட்டத்துக்குப் பிரச்சினை இல்லை. மூன்றாவது, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டு, யார் வேண்டுமானாலும் பங்கு வாங்கக்கூடிய கம்பெனி. லிங்க்ட்இன் சொல்லும் 'பப்ளிக் கம்பெனி' பெரும்பாலும் இந்த மூன்றாவதைத்தான் குறிக்கிறது.

ஆக, 'பப்ளிக்' என்ற சொல்லைப் பார்த்ததும் முடிவுக்கு வராமல், அந்த மூன்றில் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முதல் தடயம் ஆஃபர் லெட்டரிலேயே இருக்கிறது.

21 எழுத்தில் ஒரு ஜாதகம்

இந்தியாவில் பதிவான ஒவ்வொரு கம்பெனிக்கும் சிஐஎன் என்ற அடையாள எண் உண்டு. லெட்டர்ஹெட், பில், அறிவிப்பு ஆகியவற்றில் அதை அச்சிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. பலரும் ஏதோ சீரியல் நம்பர் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். நெய்வேலியில் இயங்கும் என்எல்சி இந்தியாவின் எண்ணைப் பார்க்கலாம்:

```
L93090TN1956GOI003507
```

முதல் எழுத்து L என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. U என்றால் பட்டியலிடப்படாதது. அடுத்த ஐந்து எண்கள் தொழில் வகை. TN என்பது பதிவான மாநிலம், 1956 பதிவான ஆண்டு. கவனிக்க வேண்டியது அதன் பிறகு வரும் மூன்று எழுத்து. GOI என்றால் மத்திய அரசு நிறுவனம். SGC என்றால் மாநில அரசு நிறுவனம். PTC என்றால் பிரைவேட் லிமிடெட். PLC என்றால் பப்ளிக் லிமிடெட். கடைசி ஆறு எண்கள் பதிவு எண்.

பாதி பதில் இங்கேயே கிடைத்துவிடும். மீதிப் பாதிக்கு இது போதாது. காரணம், PLC என்ற பெட்டிக்குள் குடும்ப கம்பெனியும் வரும், குடும்பமே இல்லாத கம்பெனியும் வரும், அரசு நடத்தும் கம்பெனிகூட வரும்.

அரசு நடத்தும், ஆனால் அரசு கம்பெனி இல்லை

கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் ஆலை வைத்திருக்கும் டிஎன்பிஎல், அதாவது தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், இதற்கு நல்ல உதாரணம். 1979-இல் தமிழக அரசு தொடங்கியது. நிர்வாக இயக்குநராக ஐஏஎஸ் அதிகாரியை அரசு நியமிக்கிறது. ஊரில் யாரைக் கேட்டாலும் "அது கவர்மென்ட் ஃபேக்டரி" என்றுதான் சொல்வார்கள். ஆனால் அதன் சிஐஎன் இது:

```
L22121TN1979PLC007799
```

SGC இருக்க வேண்டிய இடத்தில் PLC இருக்கிறது. காரணம் பங்குக் கணக்கில் இருக்கிறது. மத்திய அரசோ, மாநில அரசோ, இரண்டும் சேர்ந்தோ குறைந்தது 51 சதவீதப் பங்கு வைத்திருந்தால்தான் சட்டப்படி அது 'அரசு நிறுவனம்'. டிஎன்பிஎல்லில் தமிழக அரசின் பங்கு சுமார் 35 சதவீதம்தான். மீதி சந்தையில் இருக்கிறது. இருந்தும் கம்பெனியின் பங்கு விவரப் பட்டியலில் 'புரமோட்டர்' என்ற இடத்தில் இருப்பது அரசுதான். மீதிப் பங்கு பலரிடம் சிதறிக் கிடப்பதால், 35 சதவீதமே ஆட்சி செய்யப் போதுமானதாக இருக்கிறது.

இது வெறும் சட்ட நுணுக்கம் என்று விட முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 51 சதவீதம் என்று கணக்குப் பார்ப்பதில்லை. அரசுக்குச் சொந்தமானதா, அரசின் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, அரசு கணிசமாக நிதி தருகிறதா என்றுதான் பார்க்கிறது. எனவே 'பிஎல்சிதானே' என்று நினைத்து கேள்வி கேட்காமல் விடுவதும் தப்பு. 'அரசு நிறுவனம்' என்று நம்பி, அரசு நிறுவனத்துக்கான எல்லா விதிகளும் தானாகவே பொருந்தும் என்று நினைப்பதும் தப்பு.

என்எல்சி மாதிரி முழு அரசு நிறுவனத்தில் அடையாளங்கள் தெளிவாக இருக்கும். புரொஃபைலில் எந்த அமைச்சகத்தின் கீழ் வருகிறது என்று போட்டிருக்கும். என்எல்சிக்கு நிலக்கரி அமைச்சகம். 'நவரத்னா' போன்ற தகுதி குறிப்பிடப்பட்டிருக்கும். பங்கு விவரத்தைத் திறந்தால் புரமோட்டர் பெயராக 'இந்தியக் குடியரசுத் தலைவர்' என்று இருக்கும். முதல் முறை பார்ப்பவர் மிரண்டுவிடுவார். மத்திய அரசின் பங்குகள் அவர் பெயரில்தான் வைக்கப்படுகின்றன. சொந்தச் சொத்து என்று அர்த்தம் இல்லை.

'பொதுமக்கள்' என்ற வரிசையில் யார் யார்?

பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் ஒவ்வொரு காலாண்டு முடிந்ததும் 21 நாட்களுக்குள் பங்கு விவரத்தைச் சந்தைக்குத் தர வேண்டும். என்எஸ்இ, பிஎஸ்இ இணையதளங்களில் கம்பெனி பெயரைப் போட்டால் இலவசமாகவே பார்க்கலாம். அதில் இரண்டு பெரிய பிரிவு: புரமோட்டர், பொது. புரமோட்டர் பிரிவில் எல்லோர் பெயரும் இருக்கும். பொதுப் பிரிவில் 1 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர்களின் பெயர் இருக்கும்.

'பொது' என்று போட்டிருப்பதால் அத்தனையும் சாதாரண முதலீட்டாளர்களிடம் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. எல்ஐசி, மியூச்சுவல் ஃபண்ட், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் எல்லாம் இங்கேதான் வரும். சில நேரம் இன்னொரு அரசே வரும்.

2013-இல் நடந்தது இதுதான். பொதுத்துறை நிறுவனங்களில் குறைந்தது 10 சதவீதப் பங்கு பொதுப் பிரிவில் இருக்க வேண்டும் என்ற விதிக்குக் கெடு நெருங்கியது. அப்போது என்எல்சியில் மத்திய அரசிடம் 93.56 சதவீதம் இருந்தது. 3.56 சதவீதத்தை விற்றே ஆக வேண்டும். தனியாருக்குப் போய்விடும் என்று பயந்த நெய்வேலித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கடைசியில் தமிழக அரசின் ஐந்து பொதுத்துறை நிறுவனங்கள் அந்த 3.56 சதவீதத்தை வாங்கின. செபியும் அதற்கு ஒப்புக்கொண்டது. விதியின் பார்வையில் பங்கு 'பொது'வுக்குப் போனது. நடைமுறையில் டெல்லி அரசின் கையிலிருந்து சென்னை அரசின் கைக்குப் போனது. சதவீதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கதை தெரியவே தெரியாது. பெயர்களைப் படித்தவருக்குத் தெரியும்.

ஆவின் யாருடையது?

பால் பாக்கெட்டில் ஆவின் என்ற பெயரைப் பார்க்கும் பலர் அதை அரசு கம்பெனி என்றே நினைக்கிறார்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் அமைச்சர்தான் அறிவிக்கிறார். நிர்வாக இயக்குநர் ஐஏஎஸ் அதிகாரி. ஆனால் சிஐஎன்னைத் தேடினால் கிடைக்காது. ஏனென்றால் அது கம்பெனியே இல்லை. தமிழ்நாடு கூட்டுறவு பால் உற்பத்தியாளர்கள் இணையம் என்பது அதன் பெயர். பதிவானது கூட்டுறவுச் சங்கங்களுக்கான சட்டத்தின் கீழ்.

அமைப்பு மூன்று அடுக்கு. மாடு வைத்திருப்பவர் கிராமத்துச் சங்கத்தில் உறுப்பினர். அந்தச் சங்கங்கள் மாவட்ட ஒன்றியத்தில் உறுப்பினர். ஒன்றியங்கள் மாநில இணையத்தில் உறுப்பினர். கம்பெனியில் எத்தனை பங்கோ அத்தனை ஓட்டு. கூட்டுறவில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரு ஆளுக்கு ஒரே ஓட்டு. பங்கைச் சந்தையில் விற்கவும் முடியாது. அதனால் 'மார்க்கெட் கேப்' என்ற வரியே அதன் புரொஃபைலில் வராது. லாபம் வந்தால் அது உறுப்பினருக்கு ஈவாகவோ, பாலுக்குக் கூடுதல் தொகையாகவோ போக வேண்டும்.

அப்படியானால் அரசு எங்கிருந்து வந்தது? வரலாற்றிலிருந்து. 1972-இல் அரசு பால்வள மேம்பாட்டுக் கழகத்தைத் தொடங்கியது. 1981-இல் அதன் வணிகப் பணிகள் கூட்டுறவு இணையத்துக்கு மாற்றப்பட்டன. கூட்டுறவுத் தேர்தல் நடந்து நிர்வாகக் குழு வராத காலங்களில் அதிகாரிகளே நிர்வாகம் செய்ய சட்டத்தில் இடம் உண்டு. உரிமை விவசாயியிடம், ஸ்டீயரிங் பெரும்பாலும் அரசிடம்.

குஜராத்தின் அமுலும் அதே மூன்று அடுக்குதான். ஆனால் அங்கே இணையத்தின் தலைவர், மாவட்ட ஒன்றியங்களின் தலைவர்களிடமிருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறார். எனவே ஒரு கூட்டுறவின் புரொஃபைலில் 'உரிமை: கூட்டுறவு' என்று இருப்பதோடு நிறுத்தாமல், நிர்வாகப் பக்கத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இருக்கிறாரா, அல்லது அதிகாரி மட்டும்தானா? கூட்டுறவு எந்த அளவுக்கு உறுப்பினர் கையில் இருக்கிறது என்பதை அந்த ஒரு பெயர்ப் பலகை சொல்லிவிடும்.

சந்தையில் இருக்கிறது, குடும்பத்திடமும் இருக்கிறது

ஆவினுக்கு அடுத்து தமிழ்நாட்டு வீடுகளில் தெரிந்த பால் பெயர் ஆரோக்யா. ஐஸ்கிரீம் என்றால் அருண். இரண்டும் ஹட்சன் அக்ரோவின் பிராண்டுகள். ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-இல் சிறிய ஐஸ் தொழிலாகத் தொடங்கியது. அதன் சிஐஎன்:

```
L15499TN1986PLC012747
```

L இருக்கிறது, PLC இருக்கிறது. எழுத்தளவில் டிஎன்பிஎல்லுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. பங்கு விவரத்தைத் திறந்தால்தான் தெரியும்: புரமோட்டர் பிரிவில் சுமார் 73 சதவீதம். சாதாரணமாக ஒரு பட்டியலிட்ட கம்பெனியில் குறைந்தது 25 சதவீதம் பொதுவிடம் இருக்க வேண்டும். அதாவது புரமோட்டர் 75 வரை வைத்திருக்கலாம். 73 என்பது கிட்டத்தட்ட அந்த உச்சவரம்பு.

சிறப்புத் தீர்மானம் நிறைவேற, போடப்படும் ஓட்டில் நான்கில் மூன்று பங்கு வேண்டும். 73 சதவீதம் வைத்திருப்பவருக்கு அது பெரிய தடையே இல்லை. சிறு முதலீட்டாளர் பங்கின் விலையேற்றத்தில் பங்கு பெறுகிறார், முடிவெடுப்பதில் அல்ல. இதை நல்லது, கெட்டது என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. நீண்டகாலத் திட்டத்தோடு பொறுமையாக முதலீடு செய்வதும் குடும்ப கம்பெனிதான்; அடுத்த தலைமுறையைத் தகுதி பார்க்காமல் நாற்காலியில் உட்கார வைப்பதும் குடும்ப கம்பெனிதான்.

குடும்பத்தை அடையாளம் காண எப்போதும் குடும்பப் பெயர் உதவாது. பல குழுமங்களில் பங்கு தனிநபர் பெயரில் இல்லாமல், ஒரு ஹோல்டிங் கம்பெனியின் பெயரிலோ குடும்ப டிரஸ்டின் பெயரிலோ இருக்கும். டிவிஎஸ் மோட்டாரில் சுமார் பாதிப் பங்கு டிவிஎஸ் ஹோல்டிங்ஸ் என்ற இன்னொரு கம்பெனியிடம் இருக்கிறது. அப்படி வந்தால் அந்த ஹோல்டிங் கம்பெனியின் பங்கு விவரத்தையும் ஒரு படி மேலே போய்ப் பார்க்க வேண்டும். அதே பட்டியலில் 'அடமானம்' என்ற கட்டமும் இருக்கும். புரமோட்டர் தன் பங்கில் பெரும்பகுதியை அடகு வைத்திருந்தால், கடன் கட்டத் தவறும் நாளில் கம்பெனி கைமாறலாம். வேலைக்குப் போகிறவரும் பார்க்க வேண்டிய கட்டம் அது.

பிரைவேட் லிமிடெட் என்றால் இந்தக் காலாண்டுப் பட்டியல் கிடையாது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால் அந்த கம்பெனி தாக்கல் செய்த ஆண்டறிக்கை ஆவணங்களைப் பார்க்கலாம். ஆனால் அதில் இருப்பது பல மாதங்களுக்கு முந்தைய நிலவரம்.

யார் கையிலும் இல்லாத கம்பெனி

கடைசி வகை கொஞ்சம் விசித்திரமானது. கும்பகோணத்தில் 1904-இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியின் பங்கு விவரத்தில் புரமோட்டர் வரிசையில் பூஜ்ஜியம். அரசும் இல்லை, குடும்பமும் இல்லை. ஃபண்டுகளிடமும் ஆயிரக்கணக்கான தனிநபர்களிடமும் பங்கு பரவியிருக்கிறது. லார்சன் அண்ட் டூப்ரோவும் இதே ரகம். உண்மையான அர்த்தத்தில் 'பொதுவில் இருக்கும்' கம்பெனி என்றால் இவைதான். இங்கே அதிகாரம் இயக்குநர் குழுவிடமும் சம்பளத்துக்கு இருக்கும் நிர்வாகிகளிடமும் இருக்கிறது.

இதற்கு ஒரு பலவீனமும் உண்டு. வங்கி என்றால் 5 சதவீதத்தைத் தாண்ட ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். ஒருவருடைய ஓட்டுரிமையும் 26 சதவீதத்தோடு நின்றுவிடும். மற்ற கம்பெனிகளுக்கு அந்த வேலி இல்லை. பெங்களூரின் மைண்ட்ட்ரீ ஐடி நிறுவனத்தில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். நிறுவனர்களும் புரமோட்டர்களும் சேர்ந்தே வைத்திருந்தது சுமார் 13 சதவீதம்தான். ஆனால் புரமோட்டர் அல்லாத வி.ஜி. சித்தார்த்தா தரப்பிடம் சுமார் 20 சதவீதம் இருந்தது. 2019 மார்ச்சில் அந்தப் பங்கை வாங்க லார்சன் அண்ட் டூப்ரோ ஒப்பந்தம் போட்டது. நிறுவனர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். சந்தையிலும் ஓப்பன் ஆஃபரிலும் வாங்கி வாங்கி, சில மாதங்களில் அது சுமார் 60 சதவீதத்தைத் தொட்டது. ஜூலையில் நிறுவனர்கள் பதவி விலகினார்கள். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு ஆண்டின் நடுவில் முதலாளி மாறினார். அந்த ஆபத்து, முந்தைய ஆண்டுகளின் பங்கு விவரத்திலேயே இரண்டு எண்களாகக் கண்ணெதிரே கிடந்தது.

ஒரு வரி சேர்த்தால் என்ன?

இந்தத் தகவல் எதுவும் ரகசியம் இல்லை. ஆனால் சிஐஎன் ஒரு மூலையில், பங்கு விவரம் சந்தையின் தளத்தில், நியமனம் செய்வது யார் என்பது ஆண்டறிக்கையின் நூறாவது பக்கத்தில் என்று சிதறிக் கிடக்கிறது. புரொஃபைலில் மட்டும் 'பப்ளிக் கம்பெனி' என்ற இரண்டு சொல் மின்னுகிறது.

தீர்வு பெரிய காரியம் இல்லை. பால் பாக்கெட்டில் கொழுப்புச் சத்து இத்தனை சதவீதம் என்று அச்சிடுவது கட்டாயம். அதுபோல, கம்பெனியின் இணையதள 'எங்களைப் பற்றி' பக்கத்திலும் வேலை விளம்பரத்திலும் இரண்டு வரிகளைக் கட்டாயமாக்கலாம்: அதிகபட்ச ஓட்டுரிமை யாரிடம், எத்தனை சதவீதம், நிர்வாக இயக்குநரை நியமிப்பது யார். டிஎன்பிஎல் என்றால் 'தமிழக அரசு, சுமார் 35 சதவீதம். நியமிப்பது தமிழக அரசு'. ஆவின் என்றால் 'உறுப்பினர் ஒன்றியங்கள், ஒன்றுக்கு ஒரு ஓட்டு. நியமிப்பது தமிழக அரசு'. இரண்டாவது உதாரணத்தில் உள்ள முரண்பாடு பளிச்சென்று தெரிகிறது. தெரியட்டும் என்பதற்குத்தான் அந்த வரிகள்.

அதுவரை, ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்திருப்பவர் செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. லெட்டர்ஹெட்டில் சிஐஎன்னின் முதல் எழுத்தையும் ஆண்டுக்குப் பின் வரும் மூன்று எழுத்தையும் பார்ப்பது. L என்றால் என்எஸ்இ தளத்தில் புரமோட்டர் பெயர்களையும், பொதுப் பிரிவில் 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பெயர்களையும் படிப்பது. சிஐஎன்னே இல்லை என்றால் கூட்டுறவா, அல்லது எல்ஐசி, ஸ்டேட் வங்கி மாதிரி தனிச் சட்டத்தில் உருவானதா என்று கேட்பது. பிறகு வீட்டில் "கவர்மென்ட்டா, பிரைவேட்டா?" என்று கேட்டால், ஒரு சொல்லில் இல்லாவிட்டாலும் சரியான பதிலைச் சொல்லலாம்.